மூவறை வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா?

தீபாவளி நெருங்க நெருங்க சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு கூடிக்கொண்டே போகும். நான் ஒரு சின்ன ரெனவேஷன் குத்தகைக்காரரிடம் பெயிண்ட் வேலை பார்க்கிறவன். கையில் காசு தாராளமாக உள்ளவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். காசு இறுக்கமாக உள்ளவர்கள் சரக்கைப் பற்றிக் கேட்பார்கள். சுண்ணாம்பு அடித்தால் என்ன, டிஸ்டெம்பர் மலிவாமே, எமல்ஷன்தான் வேணுமா என்கிற கேள்வி எப்போதும் அந்த இரண்டாவது வகை வீட்டில்தான் வரும். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அங் மோ கியோவில், எழுபதுகளின் கடைசியில் கட்டிய புளோக் ஒன்றில் மூவறை வீடு. ஒரு அக்காவும், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் அவருடைய மகனும் இருக்கிறார்கள். அக்கா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் கேட்டது இது: "தம்பி, எங்க அப்பா வருஷா வருஷம் போகிக்கு முன்னாடி சுண்ணாம்புதான் அடிப்பாரு. வீடும் குளுகுளுன்னு இருக்கும். இங்கயும் அதையே அடிச்சிட்டா செலவு மிச்சந்தானே?" பையன் விடவில்லை. "அங்கிள், ஊர்ல சித்தப்பா வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிச்சாங்க. எமல்ஷன்ல பாதி விலைகூட இல்லையாம்" என்றான்.

இரண்டு பேரும் சொன்னது அவரவர் பார்த்த வீட்டுக்குச் சரி. சுவர்தான் வேறு. அதைப் புரிந்துகொள்ள, இந்த மூன்றையும் விலை வரிசையில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொடியைச் சுவரோடு பிடித்து வைப்பது எது என்று பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பில் தனியாகப் பசை கிடையாது. நீற்றிய சுண்ணாம்பு ஈரத்தோடு சுவரில் ஊறி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெதுவாக இழுத்து, மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறிவிடுகிறது. சுவரின் நுண்துளைக்குள் போய்க் கல்லாவதுதான் அதன் பிடிப்பு. டிஸ்டெம்பரில் சாக்குப் பொடிதான் பெரும்பங்கு. அதைப் பழைய காலத்தில் மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ரப் பசை பிடித்து வைத்தது, பிறகு எண்ணெய் சேர்ந்தது, இப்போது கொஞ்சம் அக்ரிலிக் பிசின் சேர்க்கிறார்கள். எமல்ஷனில் பிசின் நிறைய. தண்ணீர் வற்றியதும் பிசின் துளிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் படலமாகச் சுவர் மேல் படர்ந்துவிடும். சுருக்கமாக, முதலாவது சுவருக்குள் போகிறது, இரண்டாவது சுவர் மேல் பொடியாக உட்கார்ந்திருக்கிறது, மூன்றாவது சுவரைப் போர்த்திக்கொள்கிறது. ஒன்றின் மேல் இன்னொன்றை அடிக்கும்போது வரும் தொல்லை எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கலர் கார்டை எடுப்பதற்கு முன், சுவரில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்துவிடுவேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கறுப்புத் துணி, வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்பாஞ்சு, ஒட்டுநாடா, ஒரு பிளாஸ்டிக் தாள் போதும். கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மாவாக ஒட்டுகிறதா என்று தெரியும். மாவாக வந்தால் அது சுண்ணாம்பாகவும் இருக்கலாம், டிஸ்டெம்பராகவும் இருக்கலாம். சிலர் எலுமிச்சையோ வினிகரோ ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் சுண்ணாம்பு என்பார்கள். அது இங்கே உதவாது, ஏனென்றால் டிஸ்டெம்பரின் சாக்குப் பொடியும் அதே கால்சியம் கார்பனேட்தான், அதுவும் நுரைக்கும். வித்தியாசத்தைக் காட்டுவது வெந்நீர். ஸ்பாஞ்சை வெந்நீரில் நனைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேய்த்தால், பசைபோட்ட பழைய டிஸ்டெம்பர் கூழாகக் கரைந்து கையோடு வரும். கல்லாகிப்போன சுண்ணாம்பு கரையாது, மேல்பொடி மட்டும் வரும். எமல்ஷனாக இருந்தால் இரண்டும் நடக்காது, தண்ணீர் வழிந்து போய்விடும்.

அக்கா வீட்டில் மூன்று விதமான பரப்பு கிடைத்தது. ஹாலும் ஒரு படுக்கையறையும் பழைய எமல்ஷன், அழுக்கேறியிருந்தாலும் பிடிப்பாக இருந்தது. சமையலறைக் கூரை தொட்டால் மாவு, வெந்நீரில் கரைந்தது. முன்பிருந்த யாரோ எப்போதோ அடித்த பசை டிஸ்டெம்பர் ரகம், அதன் மேல் ஓரிடத்தில் எமல்ஷன் அடித்து அது அப்பளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது, இன்னொரு படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவர். அதில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, உள்ளே வெள்ளைப் பஞ்சாக உப்புப் பூத்திருந்தது.

முதலில் சுண்ணாம்பு. அக்கா கேட்டதில் தப்பே இல்லை, ஊரில் அது அருமையான சரக்கு. கிளிஞ்சலோ கல்சுண்ணாம்போ வாங்கி, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கில் நீற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பிசின் கரைத்து ஊற்றி, மஞ்சளடிக்காமல் இருக்கச் சிட்டிகை நீலம் போடுவார்கள். நீற்றும்போது கொதிக்கும் என்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, பால் பதத்தில் மெலிசாக மூன்று கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, கண்ணாடி மாதிரி சுவர் உள்ளே தெரியும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். அதைத் தெரியாதவர்கள் 'மறைக்கவில்லையே' என்று கெட்டியாக அடித்துவிடுவார்கள், அப்படி அடித்தது செதில் செதிலாக உதிரும்.

சிங்கப்பூர் ஈரக்காற்றில் சுண்ணாம்பு நிற்காது என்று இங்கே பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. சுண்ணாம்பு கல்லாவதற்குக் கொஞ்சம் ஈரம் இருந்தே ஆக வேண்டும். சித்திரை வெயிலில் திருச்சியில் அடித்தால் கல்லாவதற்கு முன்பே காய்ந்து மாவாகிவிடும், அதற்குத்தான் அங்கே மறுநாளும் தண்ணீர் தெளிக்கிறார்கள். இங்கே அந்தக் கவலை குறைவு.

இங்கே தடையாக இருப்பது சுவர்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக கட்டிய வீட்டுச் சுவர்கள் வருடக்கணக்காக எமல்ஷன் மேல் எமல்ஷனாக அடிபட்டவை. அந்தப் பிளாஸ்டிக் படலத்தில் சுண்ணாம்பு ஊறிப் போக வழியே கிடையாது. மேலே அப்படியே காய்ந்து, கைபட்டால் உதிர்ந்து, சட்டை முதுகில் எல்லாம் வெள்ளையாக ஒட்டும். புது வீடுகளிலும் கான்கிரீட் பலகை மேல் பிசின் கலந்த மெல்லிய ஸ்கிம் கோட் பூச்சுதான், அதுவும் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. சுண்ணாம்பு பிடிக்க வேண்டுமென்றால் பழைய பெயிண்ட் முழுவதையும் பூச்சு தெரியும்வரை சுரண்ட வேண்டும். சுண்ணாம்பில் மிச்சம் பிடிக்கும் காசு அந்தச் சுரண்டல் கூலிக்கே பத்தாது. ஊரில் சுண்ணாம்பு மலிவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் வீட்டுக்காரரே மட்டையைப் பிடித்து அடிப்பதுதான். இங்கே பெயிண்ட் வேலையில் சரக்கு சின்னச் செலவு, ஆள்கூலிதான் பெருஞ்செலவு. வருடா வருடம் அடிக்க வேண்டிய சரக்கு அதனாலேயே இங்கே விலையுயர்ந்த சரக்காகிவிடுகிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேக்காவில் வாங்கி அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதுவும் நீற்றிய சுண்ணாம்புதான், ஆனால் டப்பா டப்பாவாக வாங்கினால் எமல்ஷனைவிட அதிகமாகச் செலவாகும். இப்போது அலங்காரத்துக்கென்று 'லைம்வாஷ்' என்ற பெயரில் மேகம் மேகமாகத் தெரியும் பெயிண்ட் விற்கிறார்கள். அதில் சில உண்மைச் சுண்ணாம்பு, பல அக்ரிலிக்கில் அதே தோற்றத்தைக் கொண்டுவந்தவை. இரண்டுமே குறைந்த பட்ஜெட்டுக்கான சரக்கு இல்லை.

சிங்கப்பூரில் சுண்ணாம்பு தேவைப்படும் இடமும் உண்டு. லிட்டில் இந்தியாப் பக்கம் பழைய கடைவீடுகளில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டுக் கட்டிய தடித்த சுவர்களில், தரையிலிருந்து ஓதம் மேலே ஏறும். அங்கே எமல்ஷன் அடித்தால் உள்ளே ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் அடிச்சுவர் முழுக்கப் பொரிந்துபோகும். சுண்ணாம்பு அடித்தால் ஈரம் அதன் வழியே காற்றில் போய்விடும். சுவர் அப்போதும் ஈரம்தான், ஆனால் பெயிண்ட் கிழியாது. அப்படிப்பட்ட கீழ்த்தள அறையில் வாடகைக்கு இருப்பவர் என்னிடம் கேட்டால் நான் சுண்ணாம்புதான் சொல்வேன், அதுவும் எமல்ஷன் படாத காரைச் சுவராக இருந்தால் மட்டும்.

குளுமை பற்றி அக்கா சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் வீடு குளுமையாக இருந்ததற்கு உள்சுவர்ச் சுண்ணாம்பு காரணமில்லை. ஒன்றரை அடிச் சுவரும் ஓட்டுக்கூரையும்தான் காரணம். மொட்டைமாடியில் வெள்ளையடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், அது வேறு. நாலு பக்கமும் வீடு சூழ்ந்த அடுக்குமாடியில் உள்சுவரில் எதை அடித்தாலும் சூடு குறையப்போவதில்லை.

டிஸ்டெம்பர் கதை சுருக்கமானது. சிங்கப்பூர் ஹார்ட்வேர் கடையில் போய்க் கேட்டால் சுவருக்கு டிஸ்டெம்பர் என்று எடுத்துத் தரமாட்டார்கள், இங்கே அந்த வழக்கம் போய்விட்டது. ஊரில் இப்போது கிலோக் கணக்கில் விற்கும் அக்ரிலிக் டிஸ்டெம்பரை நான் குறை சொல்லமாட்டேன். காற்றோட்டமுள்ள, ஓதமில்லாத அறையில் இரண்டு மூன்று வருடம் நன்றாகவே இருக்கும், புதுப்பூச்சு ஈரம் வெளியேறவும் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆனால் பசை குறைவு, துளை அதிகம் என்பதால் எண்ணெய்க் கை, குழம்புக் கறை எல்லாம் உள்ளே இறங்கிவிடும். அழுத்தித் துடைத்தால் கறையோடு பெயிண்டும் வரும்.

இங்கே கடைகளில் மிக மலிவான 'சீலிங் ஒயிட்' ரக எமல்ஷன் இருக்கிறதே, அது சரக்கில் இந்த அக்ரிலிக் டிஸ்டெம்பருக்கு நெருங்கிய உறவு. பொடி அதிகம், பிசின் குறைவு. டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும். கனமாக இருப்பதைப் பார்த்து 'நல்ல சரக்கு' என்று நினைப்பவர்கள் உண்டு, அந்தக் கனம் பெரும்பாலும் சாக்குப் பொடியின் கனம்தான். ஆகவே பையன் கேட்ட மலிவு ரகம் சிங்கப்பூரிலும் இருக்கத்தான் செய்கிறது, வேறு பெயரில். கூரைக்கு அதுவே போதும், யாரும் கூரையில் கை வைப்பதில்லை. கை படும் சுவருக்கு அது வேண்டாம்.

சமையலறைக் கூரைக்கு வருகிறேன், ஏனென்றால் குறைந்த பட்ஜெட் வீடுகளில் காசு வீணாகும் இடம் இதுதான். பழைய பசை டிஸ்டெம்பர் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் முதல் வாரம் அழகாக இருக்கும். எமல்ஷனில் உள்ள தண்ணீர் அடியிலிருக்கும் பசையை இளக்கும். பிறகு எமல்ஷன் காயும்போது படலம் சுருங்கி இறுகும். அந்த இறுக்கம் இளகிப்போன மாவையும் சேர்த்துச் சுவரிலிருந்து பிய்த்து இழுக்கும். கொதித்து ஆறிய பாலின் ஆடை மாதிரி முழுசாக உரிந்து வரும். பிசின் அதிகமுள்ள விலையுயர்ந்த கழுவக்கூடிய எமல்ஷன் இன்னும் பலமாக இழுக்கும். 'நல்ல பெயிண்ட் வாங்கிப் போட்டேன், அதுவே உரிஞ்சு போச்சு' என்று புலம்புகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இது. அடிமானம் பலமில்லாத சுவரில் மலிவு ரகத்தைவிட உயர் ரகம்தான் சீக்கிரம் உரியும்.

வழி ஒன்றுதான், கழுவி எடுப்பது. முதலில் தளர்ந்த எமல்ஷன் துண்டுகளைச் சுரண்டியால் எடுத்தோம். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் வெந்நீர், மற்றதில் ஸ்பாஞ்சைப் பிழிவதற்கு. ஒரு கை அகலத்துக்கு ஒரு கை அகலமாக நனைத்து, ஊறவிட்டு, துடைத்து, தண்ணீர் பாலாக மாறியதும் கொட்டிவிட்டு மாற்றினோம். உலர்ந்தபடி சுரண்டினால் தூசி வீடெல்லாம் பறக்கும், மூச்சுக்கும் நல்லதல்ல, அதனால் நனைத்தே செய்ய வேண்டும். அந்தச் சின்னக் கூரைக்கே ஒரு முழுக் காலைப்பொழுது போனது. மறுநாள் காய்ந்தபின் கறுப்புத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், ஏறக்குறையச் சுத்தம். லேசான மாவு மிச்சமிருந்த இடங்களுக்காக ஊடுருவும் சீலர் ஒரு கை. பிறகு ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சரேலென்று இழுத்தேன். நாடாவில் ஒன்றும் வரவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும். அதன்பிறகு சீலிங் ஒயிட் இரண்டு கை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய புளோக்குகளில் கூரை வீங்கி, விரிசல்விட்டு, துருக்கறையோடு இருந்து, தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஓசை கேட்டால் அது பெயிண்ட் பிரச்சினையே இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பட்டி வைத்து மூடிவிட வேண்டாம். வீவக கிளை அலுவலகத்தில் சொல்லிப் பாருங்கள், பழுதுச் செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கும் உதவித் திட்டம் இருக்கிறது.

ஹாலும் முதல் படுக்கையறையும் எளிது. பிடிப்பான பழைய எமல்ஷன் மேல் புது எமல்ஷன் அடிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வேலை. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்தால் போதும், சீலர்கூட வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் மட்டும் கறுப்புப் பூஞ்சணம் இருந்தது. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் சில வாரத்தில் உள்ளிருந்து மறுபடி புள்ளி புள்ளியாக வரும். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துத் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவிக் காயவிட்டோம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும், பிளீச்சோடு வினிகரோ வேறு கிளீனரோ சேரவே கூடாது, விஷப்புகை வரும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து அறையின் ஏர்கான் ஓடுகிறது. குளிர்ந்த சுவரில் நம் அறையின் ஈரம் படிகிறது, அலமாரி காற்றை மறைக்கிறது, பூஞ்சணம் வருகிறது. அலமாரியை நாலு விரல் முன்னால் நகர்த்தி வைக்கச் சொன்னேன், அதற்குக் காசு இல்லை.

சுண்ணாம்பு பூஞ்சணத்தைக் கொல்லும் என்று அக்கா நினைவூட்டினார். புதிதாக அடித்தபோது காரம் அதிகம் என்பதால் உண்மைதான். கல்லாக மாறிய பிறகு அந்தக் காரம் போய்விடும், அப்புறம் மற்றச் சுவர் மாதிரிதான். பசை டிஸ்டெம்பரில் பசையே பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. இந்த ஊர் ஈரத்தில் அது பிழைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரக்குக் கணக்கை ஒரு அறைக்குச் சொல்கிறேன், மற்றதை நீங்களே போட்டுக்கொள்ளலாம். அறை மூன்று மீட்டருக்கு மூன்றரை மீட்டர், உயரம் 2.6 மீட்டர். நாலு சுவரும் சேர்ந்த நீளம் 13 மீட்டர், உயரத்தால் பெருக்கினால் 34 சதுர மீட்டர் வரும். கதவு ஜன்னலுக்கு நாலரை, ஐந்து கழித்தால் ஏறக்குறைய 29. டப்பாவில் லிட்டருக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர் என்று போட்டிருந்தாலும், பழைய சுவரில் ரோலரால் அடிக்கும்போது பத்துதான் கணக்கு வைப்பேன். இரண்டு கைக்கு 58 சதுர மீட்டர், அதாவது ஆறு லிட்டர். ஐந்து லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் ஒன்றும். சாதாரண எமல்ஷன் ஐந்து லிட்டர் முப்பது, நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும், கடைக்குக் கடை மாறும். ஐந்து லிட்டரிலேயே முடித்துவிடலாம் என்று தண்ணீர் கூட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீர் கூட்டினால் படலம் மெலிந்து பழைய நிறம் தெரியும், பிறகு மூன்றாவது கை அடிக்க மறுபடியும் கடைக்குப் போக வேண்டிவரும். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள்.

காசை எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்கலாம் என்பதில் என் வழக்கம் இது. கூரைக்கு மலிவு ரகம். படுக்கையறைக்குச் சாதாரண எமல்ஷன். ஹாலில் ஸ்விட்ச் பக்கமும் சாப்பாட்டு மேசைப் பக்கமும் உள்ள சுவருக்கு மட்டும் கழுவக்கூடிய ரகம். எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் ரகம் மாறியது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரே சுவரில் இரண்டு ரகம் அடிக்காதீர்கள், பளபளப்பு மாறும். இரண்டு கைக்கும் நடுவே டப்பா இரண்டு மணி நேரம் என்று சொன்னாலும் மழை நாளில் நான் நாலு மணி நேரம் விடுவேன். மழை பெய்யும்போது காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் இன்னும் உள்ளே வரும், மூடிவிட்டு மின்விசிறி போடுவது மேல்.

கடைசியாகக் குளியலறையை ஒட்டிய சுவர். எந்தப் பெயிண்டாலும் தீராதது இது ஒன்றுதான். ஈரம் சுவர் வழியாக வருகிறதா, அறைக்காற்றிலிருந்து படிகிறதா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. வெளிப்பக்கம் ஈரமாகியிருந்தால் அறைக்காற்றின் ஈரம் என்று அர்த்தம். உள்பக்கம் என்றால் சுவரிலிருந்துதான் வருகிறது. குளியலறைத் தரை ஓரத்தில் டைல்ஸ் இடுக்குக் காரை கரைந்து போயிருந்தது. தண்ணீர் அதற்குள் இறங்கி, சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அந்த உப்புப் பெருகித்தான் பெயிண்டைத் தள்ளுகிறது.

அக்காவுக்கு இங்கேயும் சுண்ணாம்பு ஆசை போகவில்லை. "மூச்சு விடுற சரக்குதானே தம்பி, இங்கயாவது அடிக்கலாமில்ல?" என்றார். அடித்தால் பொரியாது, உண்மை. ஆனால் உப்பு அதையும் மாவாக்கி உதிர்க்கும், தண்ணீரும் நிற்காது. கடைவீட்டில் தரை ஓதத்தை நிறுத்த வழி அரிது, அதனால் அதோடு வாழும் சரக்கு தேவை. இங்கே தண்ணீர் வரும் வழி தெரிகிறது, அடைக்கவும் முடிகிறது. அதனால் இருந்த காசைப் பெயிண்டில் போடாமல் குளியலறையில் போடச் சொன்னேன். டைல்ஸ் இடுக்கெல்லாம் சுரண்டி மறுபடி காரை அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையைச் சீல் செய்தார்கள். அதிலும் நிற்காவிட்டால் தரையை உடைத்து நீர்த்தடுப்புப் படலம் போட வேண்டியிருந்திருக்கும், அது பெரிய செலவு.

படுக்கையறைப் பக்கம் பொரிந்த பெயிண்டையும் மாவாகிப்போன பூச்சையும் உறுதியான இடம் வரும்வரை கொத்தி எடுத்தோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளினோம். தண்ணீர்விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். அப்படியே வெறுஞ்சுவராக விட்டுவிட்டோம், தீபாவளிக்கும் அது வெறுஞ்சுவர்தான். மகன் அதன் முன்னால் துணி ஸ்டாண்டை வைத்து மறைத்துவிட்டான். சில வாரம் கழித்துப் பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தோம், உள்பக்கம் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சிமெண்ட் பூச்சு ஒட்டுப்போட்டோம்.

புதுச் சிமெண்டின் காரம் எமல்ஷனைக் கெடுக்கும், நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும், எண்ணெய் கலந்த சரக்கானால் சோப்பாகவே மாறிப் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு ஒன்றுதான் அந்தக் காரத்தைப் பொருட்படுத்தாது. அதனால் பூச்சுக்கு நாலு வாரம் காய நேரம் கொடுத்து, காரம் தாங்கும் சீலர் ஒரு கை அடித்து, அதன் மேல் சாதாரண எமல்ஷன் இரண்டு கை அடித்தேன். கழுவக்கூடிய உயர் ரகம் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எப்போதாவது கொஞ்சம் ஈரம் திரும்பினால், துளையுள்ள சாதாரண ரகம் அதைக் கொஞ்சமாவது வெளியே விடும். ஓரத்தில் சின்னதாகப் பூத்தால் உடனே தெரியவும் தெரியும். மாதம் ஒருமுறை முழங்கால் உயரத்துக்குக் கீழே கையை வைத்துத் தடவிப் பாருங்கள், சில்லென்று இருந்தாலோ சொரசொரப்பாக இருந்தாலோ முதலில் குளியலறை இடுக்கைப் பாருங்கள் என்று அக்காவிடம் சொல்லி, மிச்சமிருந்த அரை லிட்டரை ஒரு சின்னப் பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி, மூடி இறுக்கி, எந்த அறைச் சுவர், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.